ஆறு பேர், இரண்டு ராத்திரி, மேல்மலை: சிலிண்டரா, கேன் அடுப்பா, விறகா?

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் கூடாரம் போடப் போகிறவர்கள் அரிசி பருப்புக் கணக்கை முதலில் எழுதுவார்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது அடுப்பு. எந்தப் பாத்திரம் ஏறும், எந்தப் பருப்பு வேகும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

காரணம் உயரம். பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் ஏறக்குறைய 2,000 மீட்டர். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, ஆவிதான் அதிகமாகும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் விரலில் நசுங்காமல் நிற்கும். புழுங்கலரிசி மேலே குழைந்து நடுவில் அரிசியாகவே இருக்கும். குக்கருக்குள் 116 டிகிரி வரை போகும் என்பதால் அதில் எல்லாம் வெந்துவிடும். வீட்டில் மூன்று விசில் என்றால் அங்கே நான்கு வையுங்கள்.

சனி மாலை போய்த் திங்கள் காலை திரும்பும் ஆறு பேருக்கு மூன்று வேளை சோறு, ஒரு வேளை உப்புமா, ஒரு வேளை பொங்கல். சோற்றுக்கு ஆளுக்கு 125 கிராம் அரிசி, 40 கிராம் பருப்பு. உப்புமாவுக்கு 80 கிராம் ரவை. பொங்கலுக்கு 70 கிராம் பச்சரிசி, 30 கிராம் பாசிப்பருப்பு. கூட்டிப் பார்த்தால் அரிசி 2.7 கிலோ, பருப்பு 900 கிராம், ரவை அரைக் கிலோ. வேளைக்கு ஆளுக்கு 100 கிராம் காய், 60 கிராம் வெங்காயம். ஆளுக்கு நாளுக்கு 25 மில்லி எண்ணெய். டீக்கு ஆளுக்கு 100 மில்லி பால். குளிரில் ஆறு தடவையாவது டீ போடுவீர்கள், ஆகப் பால் 3.6 லிட்டர். கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு எல்லாம் பூம்பாறையிலேயே வாங்கலாம், கீழிருந்து சுமக்க வேண்டாம்.

குக்கர் எந்த அளவு? 750 கிராம் அரிசிச் சோறு 5 லிட்டர் குக்கரில் அடங்கும். பொங்கல் அடங்காது. பருப்பு நுரைக்கும் என்பதால் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது; நுரை விசில் துளையை அடைத்தால் ஆபத்து. அதனால் 7.5 லிட்டர் குக்கர் வேண்டும்.

சின்ன கேஸ் கேனைப் பக்கவாட்டில் செருகி எரிக்கும் கேன் அடுப்பு தோற்பது இங்கேதான். அகலமான குக்கரின் அடிப்பாகம் பக்கத்தில் இருக்கும் கேனுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தச் சூடு கேனில் இறங்கினால் அது வெடிக்கலாம். அதிகாலைக் குளிர் இன்னொரு தொல்லை. கேனில் இருப்பது பெரும்பாலும் பூட்டேன். பூஜ்ஜிய டிகிரியை ஒட்டி அது வாயுவாக மாறுவதே நின்றுவிடும். எரிய எரியக் கேன் இன்னும் குளிரும். அதனால் வெளியே 5 டிகிரி இருக்கும்போதே சுடர் சுருங்கும். குலுக்கினால் உள்ளே திரவம் சலசலக்கும், அடுப்பில் தீ இருக்காது. ராத்திரி கேனைப் போர்வைக்குள் வைத்துக்கொள்வதும், இரண்டு கேன்களை மாற்றி மாற்றிப் போடுவதும் உதவும். தீயில் காட்டவே கூடாது.

சிலிண்டரில் புரொப்பேனும் கலந்திருப்பதால் இந்தக் குளிர் அதை ஒன்றும் செய்யாது. இந்த ஐந்து வேளைச் சமையலுக்கும் டீக்கும் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கேஸ் போதும். கேஸைத் தின்பது வெந்நீர்தான்: குடிக்க 12 லிட்டர் கொதிக்கவைத்தால் அதற்கு மட்டும் கால் கிலோ. 5 கிலோ சிலிண்டர் தாராளம், ஆனால் கனம், கார் வேண்டும். அடையாள அட்டை காட்டி முறையான விற்பனையிடத்தில் வாங்குங்கள். தெருக்கடையில் நிரப்பித் தரும் குட்டி சிலிண்டர் வேண்டாம். சிலிண்டர் தலையிலேயே பர்னரைத் திருகி அதன்மேல் பெரிய குக்கரை ஏற்றினால் சாய்ந்துவிடும். ரெகுலேட்டர், ட்யூப், தரையோடு உட்காரும் அடுப்பு, மூன்று பக்கமும் காற்று மறைக்க ஒரு தகடு, இவ்வளவும் இருந்தால்தான் அது நல்ல ஏற்பாடு.

விறகு கடைசித் தேர்வு. பனியில் நனைந்த சீகைக்கட்டை புகையும், எரியாது. ஒரு வேளைக்கே நாலு கிலோ காய்ந்த விறகு வேண்டும். ரிசர்வ் காட்டில் தீ மூட்டுவது குற்றம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும், மலையே எரியும். நில உரிமையாளர் கட்டிவைத்த அடுப்பு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஆக ஆறு பேர், கார் என்றால் சிலிண்டரும் 7.5 லிட்டர் குக்கரும். இரண்டு மூன்று பேர் முதுகில் சுமந்து நடப்பதானால் கேன் அடுப்பு சரி. அப்போது துவரம்பருப்பை விட்டுவிட்டுப் பாசிப்பருப்பும் பச்சரிசியும் எடுங்கள், அரை மணி ஊறப்போட்டால் சின்னப் பாத்திரத்திலேயே வேகும். ரயிலில் சிலிண்டர், கேன் இரண்டுக்கும் அனுமதியில்லை, அப்படி வருகிறவர்கள் இறங்கிய பிறகுதான் வாங்க வேண்டும். எந்த அடுப்பானாலும் மழை பெய்கிறதென்று கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கம் போலத்தான் வரும்.