கோயில் கணக்கில் யார் யார் கையொப்பம் வைப்பது? சடங்கு மாதத்தை வைத்து ஒரு அலசல்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வைகாசி பிறந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கிவிடும். மற்ற மாதங்களில் ஆயிரக்கணக்கில் மட்டும் புழங்கும் கோயில் காசு, அந்த ஒன்றிரண்டு வாரங்களில் இலட்சங்களாக வந்து போகும். பரிபாலன சபை தன் வங்கிக் கணக்கைச் சரியாக அமைத்திருக்கிறதா என்பதும் அப்போதுதான் வெளிச்சமாகும். அதனால் இங்கே எந்த ஏற்பாட்டையும் அந்த மாதத்தை வைத்தே பார்க்கிறேன். குடியிருப்போர் சங்கத்துக்கோ கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ பொருளாளராக இருப்பவர், சடங்கு என்ற இடத்தில் தங்கள் பெரிய செலவு வரும் மாதத்தை வைத்துக்கொள்ளலாம்.

யார் பெயரில்?

இதில் அலச அதிகம் இல்லை. பொருளாளரின் சொந்தக் கணக்கு, இரண்டு நிருவாகிகளின் கூட்டுக் கணக்கு, கோயிலின் பெயரில் கணக்கு என்று மூன்று வழிகள் பேசப்படும். முதலாவதில், கணக்குக்காரர் இறந்துபோனால் அந்தக் காசு சட்டப்படி அவருடைய சொத்தாகிவிடும். பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தாலும், நீதிமன்ற அலுவல் முடியும்வரை கோயில் காத்துக்கிடக்க வேண்டும். கூட்டுக் கணக்கில் இந்தச் சிக்கல் கொஞ்சம் குறையும், ஆனால் போகாது. வங்கிகளுக்கென 2016இல் வந்த வாடிக்கையாளரை அறியும் விதிகளும், தொண்டு அமைப்பொன்றின் நிருவாகிகள் தங்கள் சொந்தக் கணக்கில் நன்கொடை சேர்ப்பதை வங்கி அனுமதிக்கக் கூடாது என்கின்றன. ஆகவே கோயிலின் பெயரில்தான் திறக்க வேண்டும், அதுவும் பதிவுச் சான்றிதழில் உள்ள அதே பெயரில், அதே எழுத்தில். சான்றிதழில் 'ஸ்ரீ கண்ணகி அம்மன் ஆலயம்' என்றிருக்க, உபயகாரர் 'கண்ணகை அம்மன் கோயில்' என்று காசோலை எழுதினால் வங்கி திருப்பி அனுப்பக்கூடும். பற்றுச்சீட்டின் தலைப்பிலும் அந்தப் பெயரையே அச்சிட்டுவிட்டால் தொல்லை இல்லை.

வங்கிக்குப் போகும்போது பதிவுச் சான்றிதழ், யாப்பு, நிருவாகசபைப் பட்டியல், கையொப்பமிடுவோரின் அடையாள அட்டைகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். இவற்றோடு போகும் கூட்டத் தீர்மானத்தின் பிரதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'வங்கிக் கணக்குத் திறக்கத் தீர்மானிக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போனால் போதாது. எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த வகைக் கணக்கு, யார் யார் கையொப்பம், எந்தச் சேர்க்கையில் என்பது வரை அதில் இருக்க வேண்டும். வங்கி கணக்கை நடத்துவது அந்தத் தீர்மானத்தின்படிதான்.

சேமிப்புக் கணக்கா, நடைமுறைக் கணக்கா?

வட்டி கிடைக்கும் என்று சேமிப்புக் கணக்கைத் தேர்கிறவர்கள் அதிகம். வட்டியைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. சேமிப்புக் கணக்கிலிருந்து எடுப்பது பெரும்பாலும் கைக்காசாகத்தான் வெளியே வரும். புத்தகத்தில் '150,000 மீளப்பெறல்' என்று மட்டும் விழும். பந்தல்காரருக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்பதை வங்கி அறியாது. நடைமுறைக் கணக்கில் ஒவ்வொரு காசோலையும் ஒரு பெயருக்குப் போகிறது. இரண்டு கோடு கீறி, பெறுபவரின் கணக்குக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் காசு போன வழியை ஐந்து வருடம் கழித்தும் காட்டலாம். வட்டி இல்லை, காசோலைப் புத்தகத்துக்கும் கட்டணம் உண்டு.

என் கருத்து: மாதம் ஐயர் சம்பளமும் மின்கட்டணமும் மட்டும் கொடுக்கும் சிறு கோயிலுக்குச் சேமிப்புக் கணக்கே போதும். சடங்குக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பெரிய தொகை கொடுக்கும் கோயில் என்றால் நடைமுறைக் கணக்கு கட்டாயம் வேண்டும். திருப்பணி நிதி போல நெடுநாள் கிடக்கும் காசைச் சேமிப்பிலோ நிலையான வைப்பிலோ தனியாகப் போடலாம். எந்தக் கணக்கானாலும் ஏடிஎம் அட்டை மட்டும் வேண்டாம். தீர்மானத்தில் இரண்டு கையொப்பம் என்று எழுதிவிட்டு அட்டையும் வாங்கினால், அந்த இரகசிய எண் தெரிந்த ஒருவரே போதும் என்றாகிவிடும்.

கையொப்பம்: மூன்று ஏற்பாடுகள்

ஒரு கோயிலை எடுத்துக்கொள்வோம். தலைவர் ஊரிலேயே இருக்கிறார். செயலாளர் கல்முனையில் ஆசிரியர். பொருளாளருக்குக் களுவாஞ்சிகுடியில் கடை. சடங்கின் கடைசி நாளுக்குள் மேளக்காரருக்கு 60,000, பந்தலுக்கு 45,000, ஒலி ஒளிக்காரருக்கு 38,000 கொடுக்க வேண்டும். சடங்கு பௌர்ணமியை ஒட்டி வருவதால் போயா நாளில் வங்கியும் பூட்டு.

மூவரும் கையொப்பமிட வேண்டும் என்ற ஏற்பாடு கூட்டத்தில் கேட்க நன்றாக இருக்கும். சண்டை நடந்து முடிந்த சபைகளில் இதைத்தான் எல்லோரும் கைதட்டி ஏற்பார்கள். நடைமுறையில் என்ன ஆகும்? செயலாளர் சனிக்கிழமைதான் வருவார். மூவரையும் ஒரே இடத்தில் பிடிக்க முடியாது. இரண்டாம் வாரத்திலேயே யாராவது ஒருவர், 'தம்பி, நான் ஐஞ்சாறு காசோலையில கையொப்பம் வெச்சுத் தாறன், நீங்க எழுதிக்கொள்ளுங்க' என்பார். அந்தக் கணத்தில் மூன்று கையொப்பம் இரண்டாகிறது. இன்னொருவரும் அப்படிச் செய்தால் ஒன்றாகிறது. வெற்றுக் காசோலையில் முன்கூட்டிய கையொப்பம் விழுவது பெரும்பாலும் திருட்டு எண்ணத்தால் அல்ல, அலைச்சலால்தான். விதி கடுமையாக இருக்க இருக்க அந்த ஆசையும் கூடும். ஒரு சபையில் இது நடக்கிறதா என்று அறிய, காசோலைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, எழுதப்படாத தாள்களைப் புரட்டிப் பாருங்கள். அவ்வளவுதான்.

மூவரில் எவரேனும் இருவர் என்பது இரண்டாவது ஏற்பாடு. வேலை ஓடும். ஒருவர் கட்டாருக்குப் போனாலும், படுக்கையில் விழுந்தாலும் கணக்கு முடங்காது. நம் பக்கத்தில் வெளிநாட்டுப் பயணம் திடீரென்று சரிவருவதால் இது சின்ன விஷயமில்லை. குறை எங்கே என்றால், தலைவரும் செயலாளருமாகக் காசோலை எழுதிவிட முடியும். காசேடு எழுதும் பொருளாளருக்கு அது மாத முடிவில் வங்கிக் கூற்று வந்த பிறகுதான் தெரியும். களவு நடக்காவிட்டாலும் கணக்கு ஓட்டையாகும். கணக்கில் காசு இருக்கிறது என்று நம்பிப் பொருளாளர் பந்தல்காரருக்குக் கொடுத்த காசோலை திரும்பி வந்தால், ஊரில் யார் முகத்தில் விழிப்பது?

மூன்றாவது, பொருளாளர் கட்டாயம், அவரோடு தலைவர் அல்லது செயலாளர். எந்தக் கொடுப்பனவும் கணக்கு எழுதுபவரின் கையைத் தாண்டிப் போகாது. செயலாளர் கல்முனையில் இருந்தாலும் தலைவர் ஊரில் இருப்பதால் காரியம் நடக்கும். பலவீனம் பொருளாளர் என்ற ஒற்றை ஆள்தான். அவர் ஊரில் இல்லையென்றால் எல்லாம் நின்றுவிடும்.

நான் மூன்றாவதைத்தான் சொல்வேன், இரண்டு திருத்தங்களோடு. உபபொருளாளரின் கையொப்பத்தையும் வங்கியில் ஆரம்பத்திலேயே பதிந்துவிடுங்கள். பொருளாளர் ஊரில் இல்லாதபோது அவருக்குப் பதிலாக உபபொருளாளர் கையொப்பமிடலாம் என்று தீர்மானத்தில் எழுதுங்கள். அடுத்தது, காசேடு எழுதுபவரே காசோலையிலும் கையொப்பமிடுவதால், மாத முடிவில் வங்கிக் கூற்றோடு ஒப்பிடும் வேலையை அவரிடம் விடக் கூடாது. கையொப்ப அதிகாரம் இல்லாத உள்ளகக் கணக்காய்வாளர் அதைச் செய்யட்டும். போயா விடுமுறைக்கு, பெயரும் தொகையும் முழுதாக எழுதிய காசோலைகளை மூன்று நாள் முன்பே தயார் செய்யலாம். முழுதாக எழுதிய காசோலையில் முன்பே கையொப்பமிடுவதும் வெற்றுத் தாளில் கையொப்பமிடுவதும் ஒன்றல்ல.

இன்னொன்று. குடிமுறை இருக்கும் கோயில்களில், கோயில் பொறுப்பைப் பார்க்கும் வண்ணக்கர் ஒரு குடியிலிருந்து வருவார். கையொப்பமிடும் இருவரும் அதே குடியாகவோ மச்சான் மைத்துனராகவோ இருந்தால், ஒருவர் மற்றவரிடம் 'இது என்ன செலவு?' என்று கேட்கவே கூச்சப்படுவார். கையொப்பமிடும் இருவரும் ஒரே குடியாகவோ உறவினராகவோ இருக்கக் கூடாது என்று யாப்பில் ஒரு வரி போட்டால் அந்தக் கூச்சத்துக்கு வேலை இல்லை.

கணக்கைக் காட்டுவது: வாட்ஸ்அப்பா, அறிவித்தல் பலகையா?

வாட்ஸ்அப் குழுவில் அன்றாட வரவைப் போடுவது இப்போது வழக்கம். வெளிநாட்டில் இருக்கும் உபயகாரருக்கு அது நல்லது. ஆனால் அங்கே போடுவது வரவு மட்டும். செலவு வரும்போது குழு அமைதியாகிவிடும். கோயில் பலகையில் ஒட்டும் மாதக் கணக்கு மெதுவானது, ஆனால் போன் இல்லாத அம்மாவும் நின்று வாசிப்பார். இரண்டும் இருக்கட்டும். எதில் போட்டாலும், காசேட்டு மீதியையும் வங்கி மீதியையும் ஒப்பிட்டுக் காட்டும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று கூடவே இல்லாவிட்டால் அந்தக் கணக்கை நம்ப வழியில்லை.

மேலே சொன்ன கோயிலின் சடங்கு மாதத்தையே பார்ப்போம். காசேட்டின்படி மீதி 243,000. வங்கிக் கூற்றின்படி 312,500. கூடுதலாக 69,500 இருக்கிறதே என்று யாரும் மகிழ வேண்டாம். பந்தல்காரர் தன் 45,000 காசோலையை இன்னும் வங்கியில் போடவில்லை. அதைக் கழித்தால் வங்கி மீதி 267,500. மறுபக்கம், கட்டாரிலிருந்து யாரோ நேரே கணக்கில் போட்ட 25,000 காசேட்டில் இல்லை. அதைக் கூட்டி, வங்கி அறவிட்ட 500 கட்டணத்தைக் கழித்தால் காசேடும் 267,500 ஆகிறது. இரண்டும் பொருந்திவிட்டன. அந்த 25,000 யாருடையது என்று தேடிப் பிடித்துப் பற்றுச்சீட்டு எழுத வேண்டும். பெயர் தெரியும்வரை 'இனங்காணப்படாத வரவு' என்று தனி வரியாகப் பலகையில் போடுங்கள். போட்டவரே பார்த்துவிட்டு அழைப்பார். பந்தல்காரரின் காசோலையையும் விட்டுவிடக் கூடாது. ஆறு மாதம் தாண்டினால் வங்கி அதை ஏற்காது, பிறகு புதிதாக எழுத வேண்டிவரும்.

உண்டியல் காசில் ஒரே ஒரு விதி. மூன்று பேர் எண்ணி, தாள் வாரியாக எழுதிக் கையொப்பமிட்டு, வங்கி திறக்கும் முதல் நாளே முழுத் தொகையையும் வைப்பிலிட வேண்டும். 'பூக்காரருக்கு இதிலேயே குடுப்பம்' என்று எடுத்தால் எண்ணிய தாளும் வைப்புச் சீட்டும் பொருந்தாது, பொருந்தாத இடத்தில்தான் கதைகள் பிறக்கும். பூ, கற்பூரம், தேநீர் போன்ற சின்னச் செலவுக்கு 20,000 கட்டுநிதியாகப் பொருளாளரிடம் கொடுங்கள். அவர் கையிலுள்ள காசும் வவுச்சர்களும் கூட்டினால் எந்த நேரத்திலும் 20,000 வர வேண்டும். காசு குறைந்ததும், வவுச்சர்களைக் காட்டி அதே தொகைக்கு ஒரு காசோலை எடுத்து மறுபடி நிரப்பலாம்.

பொதுக்கூட்டத்தில் புதிய சபை வந்தால், வங்கியில் கையொப்பம் மாறும்வரை பழையவர்களின் கையொப்பம்தான் செல்லும். பதவி போனவர் கோபத்தில் இருந்தால் அந்த இடைவெளி சிக்கலாகும். ஆகவே தெரிவு நடந்த கூட்டத்திலேயே கையொப்ப மாற்றத் தீர்மானத்தையும் எழுதி, தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்ட பிரதியோடு அடுத்த வங்கி நாளிலேயே கிளைக்குப் போய்விடுங்கள். பழைய காசோலைப் புத்தகத்தில் மீதமுள்ள தாள்களின் இலக்கங்களைக் கையளிப்புப் பட்டியலில் ஒவ்வொன்றாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.