புது போன் வாங்கிய கடையிலேயே மெயில் திறந்து கொடுத்தார்களா? இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள்

உசிலம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறார் என் பெரியப்பா. போன வருஷம் மதுரையில் பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் போன் வாங்கினார். கடைப் பையனே ஜிமெயில் கணக்கையும் திறந்து கொடுத்துவிட்டான். பாஸ்வேர்டு என்னவென்று கேட்டதற்கு, “உங்க பேரும் போன் நம்பரும்தான்யா, மறக்கவே மறக்காது” என்றிருக்கிறான்.

பெரியப்பாவின் பில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மேலே கடைப் பெயர். அதற்குக் கீழே உரிமையாளர் பெயர், போன் நம்பர், மெயில் ஐடி. ஒரு மூட்டை யூரியா வாங்குகிறவர் கையில்கூட வீட்டு விலாசத்தையும் சாவியையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.

போன மாதம் ஒரு மத்தியானம், கடையில் கூட்டம் இருந்த நேரம், போனில் “Is it you trying to sign in?” என்று வந்திருக்கிறது. அது மறைந்தால் போதும் என்று “Yes, it's me” என்பதை அழுத்திவிட்டார். வாசலில் யாரோ கதவைத் தட்ட, யாரென்று பார்க்காமலே தாழ்ப்பாளைத் திறந்துவிட்ட மாதிரிதான் இது. உள்ளே வந்தவனுக்கு அவருடைய தொடர்பு எண்கள் அத்தனையும் கிடைத்தன. மறுநாள் ஏதோ ஒரு புது நம்பரிலிருந்து, பெரியப்பா போட்டோவோடு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப் செய்தி போனது: ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரம். திண்டுக்கல் அத்தை 12,000 ரூபாய் அனுப்பிவிட்டார். எங்களுக்குத் தெரிவதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தோம். பணம் அதற்குள் வேறு கணக்குக்குப் போயிருந்தது. பணம் போனது தெரிந்த நிமிஷமே அந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் போகும் வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு.

நான் பிழை செய்தது இதற்கு அப்புறம். பாஸ்வேர்டை மாற்றினேன், சரி, முடிந்தது என்று கிளம்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து என் மகள், பத்தாவது படிக்கிறவள், கம்ப்யூட்டரில் தாத்தாவின் ஜிமெயிலைத் திறந்து செட்டிங்ஸில் “Forwarding and POP/IMAP” பக்கத்தைக் காட்டினாள். வருகிற மெயில் எல்லாவற்றின் நகலும் தெரியாத ஒரு விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. முன் கதவுக்குப் புதுப் பூட்டு, கொல்லைக் கதவு திறந்தபடி. போனில் இருக்கும் ஜிமெயில் ஆப்பில் இந்தப் பக்கம் தெரியாது, கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும். பக்கத்திலிருக்கும் “Filters and Blocked Addresses” பக்கத்தையும் பாருங்கள். எங்களுக்கு அதில் ஒன்று இருந்தது: கூகுள் அனுப்பும் எச்சரிக்கை மெயில்களை நேராகக் குப்பைக்குத் தள்ளுவது. இரண்டையும் நீக்கினோம். அப்புறம் myaccount.google.com போய் “Your devices” என்பதில் தெரியாத போனை வெளியேற்றி, மீட்பு எண் பெரியப்பாவுடையதுதானா என்று சரிபார்த்து, பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு உறுதியும் கேட்கும் “2-Step Verification” போட்டோம்.

மெயிலை இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற கணக்குகளில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால், புதிதாக வைப்பதற்கான வழி பெரும்பாலும் மெயிலுக்குத்தான் வரும். மற்றவை அறைச் சாவி என்றால், மெயில் அந்தச் சாவிக்கொத்து மாட்டியிருக்கும் ஆணி.

கணக்கைச் சரிசெய்து கொடுத்த மகளையும் கேட்டேன். மெயில், இன்ஸ்டா, படிக்கிற ஆப், மூன்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. இன்ஸ்டாவுடையது அவள் தோழிக்கும் தெரியும். ஹாஸ்டல் பெட்டிக்கும் வீட்டு வாசலுக்கும் ஒரே சாவி இருந்தால், பெட்டிச் சாவி தொலைந்த அன்றைக்கு வீடும் போகும். ஏதோ ஒரு சின்ன ஆப்பிலிருந்து பாஸ்வேர்டுகள் கசிந்தால், திருடர்கள் அதே மெயில் ஐடி, அதே பாஸ்வேர்டைப் போட்டு மற்ற தளங்களிலும் திறக்கிறதா என்று புரோகிராம் வைத்துப் பார்ப்பார்கள். தோழி நல்ல பெண்தான், ஆனால் அவள் போன் யார் கையில் இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

புது பாஸ்வேர்டுக்குச் சம்பந்தமில்லாத நான்கு சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் வைத்தோம். `murungai-thinnai-kudai-oorugai` போல. இதையே வைக்காதீர்கள், ஊருக்கே தெரிந்துவிட்டது. நீளம்தான் பலம். ஒரு `@` சேர்த்த சின்னப் பெயரை விட இது எவ்வளவோ மேல். பெரியப்பாவுக்கு மனதில் நிற்காது, அதனால் ஒரு நோட்டில் எழுதி பீரோவுக்குள் வைத்தாயிற்று. பெரியவர்களுக்கு இதுவே நல்லது என்பேன். பீரோவைத் திறக்க வீட்டுக்குள் வர வேண்டும், வெளியூர்த் திருடனால் முடியாது. போன் கவருக்குள் சொருகி வைப்பதுதான் கூடாது.

போன் வாங்கிய கடைக்கும் போய்க் கேட்டேன். “எல்லாருக்கும் அப்படித்தான் சார் போட்டுக் குடுப்போம்” என்றார்கள். அந்த ‘எல்லாருக்கும்’ என்ற சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போனை இன்று ராத்திரியே வாங்கிப் பாருங்கள்.

பெரியப்பாவிடம் பழைய பில் புத்தகம் இன்னும் பத்து மிச்சம். அதே நம்பர், அதே மெயில் ஐடி. தினமும் கிழித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.