காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின், மூன்று வருடப் பயன்பாட்டில்: விசில் எங்கிருந்து வருகிறது?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் 76 வயதுப் பெரியவர் ஒருவர் இரண்டு வகைக் காது மிஷினையும் பயன்படுத்தியவர். முதலில் காதுக்குள்ளேயே அடங்கிவிடும் சின்ன வகை. பிறகு, மூன்று வருடமாக, காதுக்குப் பின்னால் மாட்டும் வகை.

உள்ளே வைப்பது வெளியே தெரியாது, உண்மைதான். ஆனால் அதன் ஸ்பீக்கர் குறும்பிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கும். குறும்பி அடைத்ததும் சத்தம் மங்கும். காது இன்னும் மோசமாகிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். வயல்வேலை பார்த்துக் காய்த்த விரலுக்கு 10 நம்பர் பேட்டரியைப் பிடித்துப் போடுவதும் சிரமம். பின்னால் மாட்டும் வகையில் காதுக்குள் போவது அவரவர் காதின் அளவுக்கு வார்த்த மோல்டு மட்டும்தான். அதைத் தனியே கழற்றிக் கழுவலாம். பேட்டரியும் கொஞ்சம் பெரிது: ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13 நம்பர். டெல்டாவில் வயதானவருக்கு இந்த வகையைத்தான் துணிந்து சொல்வோம்.

ஸ்டிக்கரை உரித்த உடனே பேட்டரியை உள்ளே போட்டுவிடக் கூடாது. அது காற்றை இழுத்து வேலை செய்யும் ரகம். ஒரு நிமிடமாவது வெளியே வைத்துப் பிறகு போட வேண்டும். உரித்துவிட்டால், பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். திரும்ப ஒட்டிச் சேமிக்க நினைப்பதில் பெரிய பலன் இல்லை. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுகிய டப்பாவில் மிஷினை வைக்க வேண்டும். நீல மணிகள் வெளிர்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன, மாற்ற வேண்டும் என்று பொருள்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழி விடியற்காலையிலும் ஒரு தொல்லை வரும். காதுக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்று, மிஷினையும் மோல்டையும் இணைத்து வெளியே குளிர்ந்து கிடக்கும் ட்யூபில் பட்டுத் துளியாகும். அந்த ஒரு துளி போதும், சத்தம் விட்டுவிட்டு வரும். மிஷின் போய்விட்டது என்று டவுனுக்கு ஓடுவதற்கு முன், ட்யூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளி தெரிந்தால், ட்யூபோடு மோல்டை மிஷினின் வளைந்த முனையான ஹூக்கிலிருந்து கழற்றி, ரப்பர் பல்ப் ஊதியால் ஊதினால் வந்துவிடும். வாயால் ஊத வேண்டாம், மூச்சிலும் ஈரம் இருக்கிறது.

எல்லோரும் அதிகம் கேட்பது விசிலைப் பற்றி. காதுக்குள் போக வேண்டிய சத்தம் எங்கோ கசிந்து மைக்குக்குத் திரும்புவதுதான் விசில். இந்தப் பெரியவருக்கு இரண்டாம் வருடக் கடைசியில் அது தொடங்கியது. வெற்றிலை போடும்போது கூடும், வாயை மூடி உட்கார்ந்தால் நிற்கும். வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்தார்கள். விசில் நின்றது, பேச்சும் கேட்காமல் போனது.

கசிவைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மிஷினைக் கழற்றி, ஓடும் நிலையிலேயே மோல்டின் சத்தத் துவாரத்தை விரலால் இறுக்கி அடைக்க வேண்டும். காற்றுக்காக இன்னொரு சிறு துளை இருந்தால் அதையும் சேர்த்து அடைக்க வேண்டும். விசில் நின்றால் மிஷின், ட்யூப், ஹூக் எல்லாம் நன்றாக இருக்கின்றன. காதுக்கும் மோல்டுக்கும் நடுவில்தான் கசிவு. நிற்காவிட்டால் ட்யூபைக் கழற்றி ஹூக்கின் முனையை அடைக்க வேண்டும். இப்போது நின்றால் ட்யூபில் விரிசல், அல்லது அது மோல்டோடு சேருமிடத்தில் பிடி விட்டிருக்கிறது. அப்போதும் நிற்காவிட்டால் ஹூக்கிலோ மிஷினுக்குள்ளேயோ கோளாறு. அது கடைக்குப் போக வேண்டிய வேலை.

இவருக்கு முதல் படியிலேயே நின்றது. அதனால் ஆடியாலஜிஸ்ட்டிடம் போகுமுன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். காதுக்குள் குறும்பி அடைத்திருந்தாலும் சத்தம் மோதித் திரும்பி இதே விசில் வரும். காது சுத்தமாகத்தான் இருந்தது. ஆக, மோல்டு தளர்ந்திருந்தது. உடம்பு இளைத்தால் காதுக் குழாயும் மாறும். போதாததற்குக் கீழ்வரிசைப் பல்லும் இடையில் போய்ப் பல்செட் கட்டியிருந்தார். அப்படிப்பட்டவர் மெல்லும்போது தாடை அசைவு மோல்டை நெம்பிவிடும்.

மிஷினை மாற்றவில்லை, மோல்டை மட்டும் புதிதாகச் செய்தார்கள். ட்யூபும் மஞ்சளித்து விறைத்திருந்ததால் சேர்த்தே மாற்றினார்கள். இந்த வெயிலுக்கும் வியர்வைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது. மோல்டுக்கு அளவு எடுக்கும்போது பல்செட்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டும், வெற்றிலை மெல்லுபவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் வாயைத் திறந்த நிலையிலும் அளவு எடுப்பார்கள்.