ஊருக்கு வரும்போது புருவம்: டின்ட், லேமினேஷன், மைக்ரோப்ளேடிங்

தை மாதக் கல்யாணத்துக்காக லண்டனிலிருந்து சென்னை வருகிறவர்களில் பலருடைய பட்டியலில் இப்போது புருவமும் சேர்ந்திருக்கிறது. அங்கே கொடுக்கும் காசில் ஒரு பங்குக்கு இங்கே முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பார்லரைத் தேர்ந்தெடுக்குமுன் லீவு எத்தனை வாரம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று முறைகளில் எது சரிப்படும் என்பதைப் பாதி முடிவுசெய்வது அதுதான்.

மீதிப் பாதியைப் புருவமே சொல்லிவிடும். மேக்கப் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், சின்ன ப்ரஷ்ஷால் புருவ முடியை மேல்நோக்கிச் சீவிப் பாருங்கள். மெல்லிய முடி இருந்து, நிறம் வெளிறியதால் தெரியாமல் இருக்கிறதா? முடி இருந்தும் கீழ்நோக்கிப் படுத்து இடைவெளி காட்டுகிறதா? இல்லை, வெறும் தோல்தானா? முதலாவதற்கு டின்ட், இரண்டாவதற்கு லேமினேஷன், மூன்றாவதற்கு மட்டும் மைக்ரோப்ளேடிங். வருஷக்கணக்காக த்ரெட்டிங் செய்து வால் பகுதி தேய்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் மூன்றும் கலந்திருக்கும். வால் பகுதி திடீரென்று உதிர்ந்திருந்தால் முதலில் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். காரணம் அதுவாக இருந்தால் மருந்திலேயே முடி திரும்ப வர வாய்ப்புண்டு.

டின்ட் என்பது முடிச்சாயம்தான். க்ரீமுடன் குறைந்த வீரியமுள்ள டெவலப்பரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, வழியாத பதத்தில் பூசி, ஐந்து முதல் பத்து நிமிஷத்தில் துடைத்தெடுப்பார்கள். முடியில் நிறம் மூன்று முதல் ஆறு வாரம் நிற்கும். அடியில் தோலில் பிடிக்கும் கறைதான் புருவத்தை அடர்த்தியாகக் காட்டுவது, ஆனால் அது சில நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில் போய்விடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்களுக்கும், புருவத்தில் விளக்கெண்ணெய் தடவுகிறவர்களுக்கும் இன்னும் சீக்கிரம் போகும். நம் முடி கறுப்புதானே என்று கருங்கறுப்பு கேட்காதீர்கள். அது தோலில் மை அப்பினாற்போல் தெரியும். அடர்பழுப்பே இயல்பாக இருக்கும்.

இதில் விட்டுக்கொடுக்கக் கூடாதது பேட்ச் டெஸ்ட். லண்டனில் அது இல்லாமல் தொடவே தயங்குவார்கள். இங்கே பல பார்லர்களில் நாமாகக் கேட்டால்தான் உண்டு. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்க வேண்டும். ‘கறுப்பு மருதாணி’ கோன் வைத்து எப்போதாவது கை அரித்து, கொப்பளித்திருந்தால் டின்ட் பக்கமே போகாதீர்கள். அந்தக் கோனில் பெரும்பாலும் கலப்பது முடிச்சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற அதே வேதிப்பொருள். ஒருமுறை ஒவ்வாமை வந்த உடம்பு அதை மறக்காது. கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் இமை வீங்கி மூடிக்கொள்ளும்.

லேமினேஷன் முடியைப் புதிதாக உண்டாக்காது, இருப்பதைத் திசை திருப்பி நிறுத்தும். முதல் லோஷன் முடியின் உள்பிணைப்பைத் தளர்த்தும். விரும்பிய பக்கம் சீவி ஒட்டியபின், இரண்டாவது லோஷன் அந்த நிலையிலேயே பிணைப்பை இறுக்கும். கடைசியில் எண்ணெய்ப்பூச்சு. முதல் லோஷன் எத்தனை நிமிஷம் இருக்கலாம் என்பதில்தான் வேலையே கெடுகிறது. தடித்த முடிக்கு வைக்கும் நேரத்தைத் தேய்ந்த வால் பகுதிக்கும் வைத்தால் நுனி பொரிந்து சுருண்டுவிடும், வளர்ந்து உதிரும்வரை சரியாகாது. விவரம் தெரிந்தவர் மெல்லிய பகுதிக்குக் கடைசியாகப் பூசி, முதலில் துடைப்பார். கூடவே டின்ட்டும் என்றால் லேமினேஷன் முடிந்த பிறகுதான், அதுவும் வழக்கமான நேரத்தில் பாதிக்கும் குறைவாக. லோஷன் பட்ட முடி சாயத்தை வேகமாகக் குடிக்கும். முதல் 24 மணி நேரம் தண்ணீர், வியர்வை, எண்ணெய் எதுவும் படக்கூடாது. ஆறு முதல் எட்டு வாரம் நிற்கும்.

மைக்ரோப்ளேடிங் பச்சை குத்துவதன் தம்பி. வரிசையாகக் கோத்த நுண்ணூசிகளால் முடி மாதிரிக் கீறி, தோலுக்குள் நிறமியை ஏற்றுகிறார்கள். மேலாகக் கீறினால் பொருக்கோடு நிறமும் உதிரும். ஆழமாகப் போனால் கோடு விரிந்து, சாம்பல் நிறமாகத் தெரியும். எண்ணெய் வழியும் தோலில் சரியான ஆழத்தில் போட்டாலும் கோடுகள் சில மாதத்தில் மங்கிக் கலங்கும். அப்படிப்பட்ட தோலுக்கு மெஷினால் புள்ளி புள்ளியாகப் போடும் பவுடர் ப்ரோதான் நல்லது என்பேன். தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள் இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

புண் ஆறும் கணக்கு முக்கியம். முதல் நான்கைந்து நாள் பயமுறுத்தும் அளவுக்குக் கறுப்பு. இரண்டாம் வாரத்துக்குள் பொருக்கு உதிர்ந்து, போட்ட காசு போயிற்றோ என்று தோன்றும். நான்காவது வாரத்தில் நிறம் மெல்ல மேலெழும். விட்டுப்போன கோடுகளை நிரப்பும் டச்-அப் ஆறு முதல் எட்டு வாரத்தில். அது இல்லாமல் வேலை முழுமையாகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்யாணம் ஜனவரி 25, டிசம்பர் 14 முதல் ஜனவரி 31 வரை லீவு, வால் பகுதியில் வெறும் தோல். டிசம்பர் 16 அன்று போட்டால் மாத இறுதிக்குள் பொருக்கு உதிர்ந்துவிடும். மார்கழியில் சென்னை அவ்வளவாக வியர்க்காது என்பதும் அனுகூலம். மே மாத லீவில் வருகிறவர்களுக்கு அது கிடையாது. முதல் இரண்டு வாரம் எண்ணெய்க் குளியல், நீச்சல், நெற்றியில் சந்தனம், விபூதி எதுவும் வேண்டாம். கல்யாணத்தன்று நிறம் நிலைத்திருக்கும். டச்-அப் ஜனவரி 27, அதாவது கல்யாணம் முடிந்து. முந்தி வைத்தால் முகூர்த்தப் படத்தில் பொருக்கு தெரியும்.

அதே கல்யாணத்துக்கு ஜனவரி 12 அன்று வந்து மூன்று வாரத்தில் திரும்புகிறவர் மைக்ரோப்ளேடிங்கை நினைக்கவே வேண்டாம். வந்ததும் பேட்ச் டெஸ்ட், 22 அன்று லேமினேஷனும் லேசான டின்ட்டும். நலங்கு 23 காலையில் என்றால் ஒரு நாள் முன்தள்ளிக்கொள்ளுங்கள். எண்ணெயும் மஞ்சளும் புதுப் புருவத்தில் வழியக்கூடாது. வெறும் தோலை அன்றைக்குப் பென்சில் பார்த்துக்கொள்ளும்.

மைக்ரோப்ளேடிங் பொதுவாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டில் மங்கும். மங்குவது ஒரே சீராக இருக்காது. நிறமியில் கார்பன் கறுப்பு அதிகமென்றால் நீலச்சாம்பல் மிஞ்சும், இரும்பு ஆக்ஸைடின் சிவப்பு மிஞ்சினால் செம்மண் நிறம். வெயிலும், முகத்துக்குப் போடும் ரெட்டினால், கிளைகாலிக் அமிலம் போன்றவையும் அதை விரைவாக்கும். ஆறிய பிறகு புருவத்தின் மேலும் சன்ஸ்க்ரீன் போடுங்கள். பழைய நிறம் முழுக்கப் போகுமுன் மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனால் புருவம் கட்டையாகிவிடும். லேசரில் எடுக்கலாம் என்ற தைரியமும் வேண்டாம்: இரும்பு ஆக்ஸைடு லேசர் பட்டுச் சில சமயம் இன்னும் கறுக்கும்.

ஊசிப் பொதியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். கிளம்புமுன் நிறமியின் பெயர், ஷேட் எண், தயாரிப்புத் தொகுதி எண் மூன்றையும் பாட்டிலோடு படமெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் லண்டனில் நிறம் திருத்தப்போகிற ஆள் முதலில் கேட்பது அதைத்தான்.