கடை உரிமையாளருக்கு எழுதும் கடிதம்: உள்வேலையைச் செய்து தரக் கேட்பதா, வாடகையைக் குறைக்கக் கேட்பதா?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் புதிதாகக் கட்டப்பட்டு, சுவரும் கூரையுமாக மட்டும் நிற்கும் ஒரு கடையைப் பலசரக்கு வியாபாரத்துக்காக எடுக்க விரும்புபவர், "வாடகையைக் குறையுங்கள்" என்று மட்டும் எழுதினால் மறுப்பதே உரிமையாளருக்கு எளிது. இரண்டு தெரிவுகளைக் கணக்கோடு முன்வைக்கும் கடிதத்துக்கு அவர் அவற்றுள் ஒன்றையாவது யோசித்துப் பதில் எழுத வேண்டியிருக்கும்.

உரிமையாளர் மாதம் 60,000 ரூபாய் கேட்கிறார் என்றும், நிலத்துக்கு ரைல்ஸ், மின்வேலை, றோலர் கதவு ஆகிய உள்வேலைகளுக்கு 6 இலட்சம் முடியும் என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவது தெரிவில் அந்த 6 இலட்சத்தை அவர் போடுகிறார். வாடகை 60,000 ஆகவே இருக்கும். இரண்டாவதில் கடைக்காரர் போடுகிறார். வாடகை 50,000 ஆகும். ஐந்து வருடக் குத்தகை முடியும்போது இரண்டிலும் கடைக்காரர் கையிலிருந்து போவது 36 இலட்சமே. ஆயினும் இரண்டாவதில் 6 இலட்சம் கடை திறக்கும் முன்பே போய்விடுவதால், சரக்குக் கொள்முதலுக்குக் கடன் வாங்குபவருக்கு அது உண்மையில் கூடிய செலவு.

குத்தகை இடையில் முறிந்தால்தான் இரண்டும் வெகுவாக விலகிப் போகின்றன. இரண்டு வருடத்தில் கடை கைமாறினால், முதலாவதில் கடைக்காரர் கொடுத்தது 14 இலட்சத்து 40 ஆயிரம், இரண்டாவதில் 18 இலட்சம். ஆகவே உள்வேலைப் பணத்தைக் குத்தகைக் காலத்தோடு கட்டிவிட வேண்டும்: 6 இலட்சம் 60 மாதங்களில் மாதம் 10,000 வீதம் கழிகிறது என்றும், முறிப்பவர் கழியாத மீதியைப் பணம் போட்டவருக்குத் திருப்பித் தருவார் என்றும் கடிதத்திலேயே எழுதலாம். 24 மாதங்களில் முறிந்தால் அந்த மீதி 3 இலட்சத்து 60 ஆயிரம். இறாக்கை, குளிரூட்டி, பெயர்ப்பலகை போன்றவை கடைக்காரர் கழற்றிக்கொண்டு போகக்கூடியவை. அவற்றை இந்தக் கணக்கில் சேர்த்துக் கேட்பது முறையல்ல.

முதலாவதைத் தெரிந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த 60,000 ரூபாயில் 10,000 உள்வேலைக்கான தவணை என்பதால், ஆறாம் வருடத்தின் புதிய வாடகை 50,000 ரூபாயிலிருந்தே பேசப்படும் என்று எழுதாவிட்டால், தீர்ந்த கடனுக்கும் தொடர்ந்து தவணை கட்ட நேரும்.

உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்தால் நான் இரண்டாவதையே முதலில் எழுதுவேன். வேலையாட்களை மேற்பார்க்க அவருக்கு ஆளில்லை. அவர் அற்றோணித் தத்துவம் கொடுத்த உறவினரும் அடுத்தவர் பணத்தில் 6 இலட்சத்துக்கு வேலை செய்விக்கத் தயங்குவார்.

எந்தத் தெரிவாயினும், காணி உறுதிக் காணியா அனுமதிப்பத்திரக் காணியா என்று முதலில் கேட்க வேண்டும். வன்னியில் அனுமதிப்பத்திரக் காணிகள் அதிகம். அவற்றை உரிமையாளர் தம் விருப்பப்படி குத்தகைக்குக் கொடுத்துவிட முடியாது என்பதால், பிரதேச செயலகத்தில் விசாரிப்பது அவசியம். மேலும், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். உரிமையாளர் "சம்மதம்" என்று கடிதத்தின் கீழே ஒப்பமிட்டுத் தந்தாலும் அது ஐந்து வருடக் குத்தகையாகிவிடாது. நொத்தாரிசு முன்னிலையில் குத்தகை உறுதி எழுதி முடியும்வரை ரைல்ஸுக்கு முற்பணம் கொடுக்கக் கூடாது.