கூட்டு வீடியோவால் வந்தவர்கள் எத்தனை பேர்? மேட்டூர்த் தண்ணீரைக் கழித்துப் பார்த்த கணக்கு

மன்னார்குடிப் பக்கத்தில் நெல் சாகுபடி பற்றி வீடியோ போடுகிறேன். யூடியூப் ஸ்டுடியோவின் சப்ஸ்கிரைபர் கணக்கை நாலு வருடமாகப் பார்த்து வருகிறேன். அதில் பெரிய பாடம் கிடைத்தது 2025-இல்.

அந்த ஜூன் 14 அன்று, கும்பகோணத்தில் சமையல் சேனல் நடத்தும் அக்காவுடன் மாப்பிள்ளைச் சம்பா பற்றி ஒரு வீடியோ போட்டேன். அதற்கு முந்தைய 28 நாளில் வந்தவர்கள் 560 பேர், பிந்தைய 28 நாளில் 1,400 பேர். இரண்டுமே விலகியவர்களைக் கழித்த எண்ணிக்கை. 28 நாள் என்றால் முழுசாக நாலு வாரம், இரண்டு பக்கமும் ஞாயிறுகள் சமமாக இருக்கும். வித்தியாசம் 840. எல்லாம் அக்காவால் வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால் ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்திருந்தது. குறுவை தொடங்கினாலே நாற்றங்கால், விதைநேர்த்தி என்று தேடி என் சேனலுக்கு ஆட்கள் வருவார்கள். கூட்டு வீடியோ இல்லாவிட்டாலும் கொஞ்சம் ஏறியிருக்கும். எவ்வளவு என்று தெரிய, முந்தைய ஆண்டின் அதே நாட்களை எடுத்துப் பார்த்தேன். 500, அப்புறம் 510. ஏற்றமே இல்லை.

இங்கேதான் ஏமாற இருந்தேன். 2024-இல் அணையில் தண்ணீர் குறைவு, ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். அந்த ஜூனில் குறுவைத் தேடலே மந்தம். தேதி ஒத்துப்போனாலும் பருவம் ஒத்துப்போகவில்லை. 2023-இல் ஜூன் 12-இலேயே திறந்ததால் அதை எடுத்தேன். 300 பேர் 450 ஆகியிருந்தார்கள், அதாவது ஒன்றரை மடங்கு. அப்படியானால் 560 பேர் தானாகவே 840 ஆகியிருக்க வேண்டும். கூடுதலாக வந்தது 560 பேர்தான்.

அதிலும் ஒரு சிக்கல். இரண்டாவது வாரம் நான் போட்ட இலைச்சுருட்டுப் புழு வீடியோ வழக்கத்துக்கு மீறி ஓடியது. வீடியோ வாரியான அறிக்கையில் அதற்கு மட்டும் 180 பேர். ஆனால் அதைப் பார்த்தவர்களில் ஒரு பகுதி, கூட்டு வீடியோவின் பக்கத்தில் வந்த பரிந்துரை வழியாக வந்தவர்கள். அந்த 180 பேரை முழுசாகக் கழிப்பதும் தப்பு, கழிக்காமல் விடுவதும் தப்பு. அதனால் விடையை 380 முதல் 560 வரை என்று வைத்துக்கொண்டேன். ஒரே ஓர் ஆண்டை வைத்துப் போட்ட கணக்கு, இதைவிடக் குறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்காவிடம் சொன்னபோது, “நான் ரெண்டு மாசக் கணக்கா எடுத்துப் பாக்கட்டுமா தம்பி?” என்றார். அவருக்கு அது சரிவராது. ரெண்டு மாசம் என்றால் ஆடிப்பெருக்கு உள்ளே வந்துவிடும், சித்ரான்னம் தேடி வருகிறவர்களும் கூட்டு வீடியோ கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். ஜூலை 11-ஓடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன்.