ஆர்ச் ஷீட்டுக்குக் காசு வாங்கிவிட்டு நேர் ஷீட்டை வளைத்து முடுக்கிவிட்டார்கள்

மொட்டை மாடியில் ஆர்ச் ஷெட் போடப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் மாடி 20 அடி அகலம். நடுவில் 3 அடி எழும்பும்படி ஆர்ச் என்று பேச்சு. கொட்டேஷனில் 'மெஷினில் வளைத்த கலர் ஷீட்' என்று எழுதி, வளைக்கத் தனிக் கூலியும் போட்டிருந்தார்கள். வேலை நடந்த இரண்டு நாளும் நான் ஊரில் இல்லை. ஐப்பசி மழையில் சரியாக உச்சியில், இரண்டு ஷீட் சேரும் இடத்தில் சொட்ட ஆரம்பித்தது. ஆள் வந்து சிலிக்கான் பூசினார். அடுத்த மழையில் மறுபடி சொட்டியது. மூன்றாவது தடவைக்கு அப்புறம் காண்ட்ராக்டர் போனையே எடுக்கவில்லை.

வேறொரு ஃபேப்ரிகேட்டரைக் கூட்டி வந்தேன். ஓரத்து ஷீட்டில் ஒரு முனையிலிருந்து நடு வரை ஸ்குருக்களைக் கழற்றினார். படாரென்று நிமிர்ந்து நேராக நின்றது ஷீட். மெஷினில் வளைத்ததாக இருந்தால் கழற்றினாலும் வளைவு அப்படியே நிற்கும். கிரிம்ப் பண்ணி வளைத்த ஷீட் என்றால் பள்ளத்தின் குறுக்கே சீரான இடைவெளியில் சின்னச் சின்ன மடிப்புக் கோடுகள் தெரியும். எங்களுடையதில் கோடே இல்லை. கண்டபடி நெளிவுதான், காலால் மிதித்த தகர டப்பா மாதிரி.

கணக்கை அவர் சுவரிலேயே எழுதிக் காட்டினார். பாதி அகலம் பத்து, அதன் வர்க்கம் 100. உயரம் மூன்று, அதன் வர்க்கம் 9. இரண்டையும் கூட்டி, உயரத்தின் இரு மடங்கான 6-ஆல் வகுத்தால் சுமார் 18 அடி. அதுதான் வளைவின் ஆரம். சாதாரண அலை ஷீட்டையே கையால் வளைத்துப் பூட்ட, பொதுவாக 35, 40 அடி ஆரமாவது வேண்டும். எங்களுடையது மேடு உயர்ந்த பெட்டி ஷீட், அது இன்னும் விறைப்பு. 18 அடிக்கு அதை மெஷினில் வளைத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு டிசைனுக்கும் குறைந்தபட்ச ஆரம் எவ்வளவு என்று கம்பெனி பட்டியலில் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒழுகியதற்கும் இதுதான் காரணம். முறுக்கிய ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல், ஓவர்லாப்பில் விரல் நுனி நுழையும் சந்து. ரப்பர் வாஷர்கள் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தூக்கி நின்றன. எங்கள் ஆர்ச்சில் உச்சியை ஒட்டிய மூன்றடி அகலத்துக்குச் சரிவு 5 டிகிரிகூட இல்லை. அங்கே தண்ணீர் சட்டென்று ஓடாது, சந்துக்குள் ஏறும். அதனால்தான் உச்சியில் ஓவர்லாப்புக்குள் பியூட்டைல் டேப் வைத்துப் பூட்ட வேண்டும். இவர்கள் வைக்கவே இல்லை. மேலே பூசியதோ வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான். அது துத்தநாகப் பூச்சையே அரிக்கும்.

ஓட்டை போட்ட பழைய ஷீட்டுகளைத் திரும்பப் பூட்ட முடியாது என்பதால் எடைக்குப் போட்டோம். புது ஷீட்டுகளை மேலே ஏற்றும் முன் ஒவ்வொன்றையும் தரையில் வைத்துப் பார்த்தேன். ஒருவரும் பிடிக்காமலே வளைந்து நின்றன.